எந்த மௌனத்தை வெட்டுவது, எதை விடுவது?

"ஐயா, நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் தெருப் படிப்பகத்தில் காசிமேட்டுப் பெரியவர் ஒருவரைக் கடல் அனுபவம் பற்றிப் பேச வைத்து 52 நிமிடம் பதிவு செய்தேன். நடுநடுவே நீண்ட மௌனம். 'ஆ', 'ம்', 'வந்து' ஆகியவை ஏராளம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மௌனங்களைச் சுருக்கும் Truncate Silence கொடுத்தேன். 38 நிமிடமாகச் சுருங்கியது. ஆனால் யாரோ துரத்துவது போலப் பேசுகிறார். பேச்சின் இயல்பு கெடாமல் இவற்றை எப்படி எடுப்பது? இரண்டு நிமிடத் துண்டு, வெட்டுவதற்கு முன்னும் பின்னும், அனுப்பியிருக்கிறேன்."

இரண்டு துண்டுகளையும் கேட்டேன். முதலாவதை மூன்று முறை கேட்டேன், வேலைக்காக அல்ல. பெரியவர் நன்றாகப் பேசுகிறார்.

கோளாறு எங்கே என்று காட்ட உங்கள் துண்டில் உள்ள ஒரே இடம் போதும். 48ஆவது நொடியில் தொடங்குகிறது. அவர் சொல்வதை எழுத்து நடையில், மௌனங்களின் அளவோடு எழுதிப் பார்த்தேன்: "அன்று விடியற்காலை" என்கிறார். 0.9 நொடி மௌனம். "ஆ" என்று 0.4 நொடி இழுக்கிறார். மீண்டும் 0.7 நொடி மௌனம். "வந்து" என்கிறார், அது 0.3 நொடி. பிறகு 1.1 நொடி மௌனம். "நாலு கட்டுமரம் போனது." இங்கே 2.6 நொடி. "மூன்றுதான் திரும்பியது." இங்கே 3.4 நொடி. "அந்த நாலாவது மரத்தில் என் அண்ணன் இருந்தான்."

முதல் தடுமாற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். 0.9, 0.4, 0.7, 0.3, 1.1, ஆக 3.4 நொடி. அண்ணனைச் சொல்வதற்கு முன் அவர் நிற்பதும் அதே 3.4 நொடிதான். முதலாவதில் அவர் சொல்லைத் தேடுகிறார். இரண்டாவதில் சொல் கையில் இருக்கிறது, சொல்ல வாய் வரவில்லை. முதலாவதை வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவதை வெட்டினால் கதையே போய்விடும்.

இப்போது உங்கள் கருவி என்ன செய்தது என்று பாருங்கள். அரை நொடிக்கு மேற்பட்ட மௌனம் எதுவானாலும் அரை நொடியாக்கு என்று கட்டளை கொடுத்திருக்கிறீர்கள். தடுமாற்றம் இருந்த இடத்தில் மூன்று மௌனங்களும் ஆளுக்கு அரை நொடி ஆயின; "ஆ"வும் "வந்து"வும் ஒலி என்பதால் அப்படியே தங்கின. மொத்தம் 2.2 நொடி. அண்ணனுக்கு முன் இருந்த 3.4 நொடியோ வெறும் அரை நொடியாகிவிட்டது. திக்கலுக்கு இரண்டு நொடி, துக்கத்துக்கு அரை நொடி. துரத்துவது போல உங்களுக்குக் கேட்டதன் காரணம் இதுதான். மௌனங்கள் குறைந்தது கூடப் பெரிய குறை இல்லை. எல்லா மௌனமும் ஒரே நீளம் ஆகிவிட்டதுதான் குறை. மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. தொடருக்குள் சிறிது நிற்பார்கள், வாக்கியம் முடிந்தால் இன்னும் கொஞ்சம், ஒரு செய்தி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது இன்னும் அதிகம். அந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் கேட்பவர் எது எதோடு சேரும் என்று புரிந்துகொள்கிறார். வீட்டில் எல்லா அறைக்கும் ஒரே அகலத்தில் வாசல் வைத்தால் எது கூடம், எது சமையலறை என்று தெரியாமல் போவது போல.

ஆகவே அசல் பதிவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்த 38 நிமிடக் கோப்பைச் சரிசெய்ய முயல வேண்டாம். போன மௌனம் அதில் இல்லை.

முதல் வேலை, வெட்டாமல் அளப்பது. பேச்சில்லாத ஓர் இடத்தை ஒலிக்கவிட்டு மீட்டரைப் பாருங்கள். உங்கள் துண்டில் மின்விசிறி இரைச்சல் ஏறத்தாழ −48 டெசிபலில் நிற்கிறது. "இதற்குக் கீழே இருப்பது மௌனம்" என்று கருவிக்குச் சொல்லும் Threshold அளவை அதைவிட ஆறு டெசிபல் மேலே, −42இல் வையுங்கள். நீங்கள் இதைவிட வெகுவாக உயர்த்தி வைத்திருக்கிறீர்கள். எப்படித் தெரியும் என்றால், வெட்டிய துண்டில் "கிழித்தது" என்ற சொல் "கிழித்த்" என்று முடிகிறது. நம் சொற்களில் பெரும்பகுதி குற்றியலுகரத்தில் முடிபவை. காற்று, வந்தது, பத்து, கிழக்கு. அந்தக் கடைசி உகரத்துக்கு இலக்கணமே அரை மாத்திரைதான் கொடுக்கிறது. வயதானவர் குரலில் அது வெறும் மூச்சாகவே வரும். Threshold −25, −20 என்று உயர்ந்தால் கருவி அதை மௌனம் என்று எடுத்துக்கொண்டு கடித்துவிடும். ஆகவே எந்த அளவை வைத்தாலும் குற்றியலுகரத்தில் முடியும் ஐந்தாறு சொற்களைக் கேட்டுப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

தமிழில் இன்னொரு பொறி உண்டு. வல்லினம் இரட்டிக்கும்போது, அதாவது க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற என்று வரும்போது, வாய் மூடி நிற்கும் கணத்தில் ஒலியே இருக்காது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் "கட்டுமரம்" என்ற சொல்லின் நடுவே ஒரு வெற்றுப் பள்ளம் தெரியும். சாதாரணப் பேச்சில் அது கால் நொடிக்கும் குறைவு. அழுத்திச் சொன்னால் நீளும். எவ்வளவு நீண்ட மௌனத்திலிருந்து கருவி கை வைக்கலாம் என்று சொல்வது Duration அளவு. இறுக்கமாக வேண்டும் என்று சிலர் அதை 0.1 அல்லது 0.15 நொடிக்கு இறக்குவார்கள். உடனே கருவி சொல்லுக்குள் புகுந்துவிடும். கட்டுமரம் காதுக்குக் "கடுமரம்" போல விழும். என்ன அவசரமானாலும் Duration அரை நொடிக்குக் கீழே போக வேண்டாம்.

மௌனங்கள் எங்கெங்கே, எவ்வளவு நீளம் என்று ஒரு பட்டியல் கையில் இருந்தால் முடிவெடுப்பது எளிது. கணினியில் ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருள் இருந்தால் இந்த ஒரு வரி அதைத் தரும்; pechu.wav என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை எழுதுங்கள். கோப்பை இது தொடாது, அளந்து சொல்வதோடு சரி.

```
ffmpeg -i pechu.wav -af silencedetect=noise=-42dB:d=1.5 -f null -
```

திரையில் silence_start, silence_end, silence_duration என்று வரிவரியாக வரும். ஒன்றரை நொடிக்கு மேற்பட்டவை மட்டுமே இதில் இருக்கும். இந்தப் பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு பேச்சை ஒரு முறை முழுக்கக் கேளுங்கள். தாளில் நேரத்தைக் குறித்து, தொடக்கூடாத மௌனங்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 52 நிமிடப் பேச்சில் அப்படி இருபது இருந்தால் அதிகம். ஆனால் இந்த இருபதைக் காப்பாற்றத்தான் மற்ற எல்லா வேலையும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் பேச்சைப் பல ஆண்டுகளுக்கு முன் சுருக்கிக் கொடுத்தேன். அவர் மகள் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மா இறந்ததை அப்பா இவ்வளவு சாதாரணமாகச் சொல்லவே மாட்டார்" என்றார். அசலைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் ஐந்து நொடி நிறுத்தியிருந்தார். நான் அதை முக்கால் நொடியாக்கி வைத்திருந்தேன். ஒரு சொல்லைக் கூட மாற்றாமல் அவர் மனத்தையே மாற்றிக் காட்டிவிட்டேன்.

புள்ளி வைத்த இடங்களை ஒதுக்கிவிட்டால் மீதியில் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். Truncate Silence நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதிக்குள் மட்டுமே வேலை செய்யும் என்பதால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். பதிவின் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி வாருங்கள். முன்னாலிருந்து போனால் ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் உள்ள நேரமெல்லாம் நகர்ந்து, தாளில் குறித்தவை பொய்யாகிவிடும். அந்தக் கருவிக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. நீங்கள் பயன்படுத்தியது எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு நறுக்கும் வழி. Compress Excess Silence என்ற மற்ற வழியை எடுங்கள். அது Duration வரை உள்ள மௌனத்தை விட்டுவிட்டு, அதற்கு மேல் மிகுந்ததை மட்டும் விகிதப்படி சுருக்கும். Duration 0.8 நொடி, Compress to 40 சதவீதம் என்று வைத்தால், 1.2 நொடி மௌனம் 0.96 ஆகும், 2 நொடி 1.28 ஆகும், 6 நொடி 2.88 ஆகும். நீளமானது இன்னமும் நீளமானதாகவே இருக்கும், குட்டையானது குட்டையாகவே இருக்கும். அவருடைய தாளம் சிறிதாகும், ஆனால் அவருடைய தாளமாகவே இருக்கும்.

இனி "ஆ"வும் "வந்து"வும். இதற்குக் கைதான். குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

புதியவர்கள் செய்யும் தவறு "ஆ"வை மட்டும் எடுப்பது. உங்கள் துண்டில் அப்படிச் செய்தால் அதற்கு முன்னிருந்த 0.9 நொடியும் பின்னிருந்த 0.7 நொடியும் சேர்ந்து 1.6 நொடி வெற்றிடமாகும். "விடியற்காலை" என்ற சொல்லை அவர் எப்படி முடிக்கிறார் என்று கேளுங்கள். குரல் கீழே இறங்கவில்லை, சமமாகத் தொங்குகிறது, இன்னும் சொல்ல இருக்கிறது என்பது போல. குரல் தொங்கும் இடத்தில் நீண்ட மௌனம் வந்தால் மறந்துவிட்டார் என்றே தோன்றும். அசலில் அந்த வெற்றிடத்தை "ஆ" தாங்கிப் பிடித்திருந்தது. தாங்கியை எடுத்தால் வெற்றிடத்தையும் குறைத்தாக வேண்டும். குரல் தொங்கும் இடத்தில் நான் 0.4இலிருந்து 0.6 நொடி வரை விடுவேன். குரல் இறங்கி முடிந்த இடத்தில் 0.8க்குக் குறைக்க மாட்டேன்.

எந்தப் பகுதியை விடுவது? கடைசிப் பகுதியை. "வந்து"வுக்குப் பிறகான 1.1 நொடிக்குள் அவர் மூச்சு இழுப்பது கேட்கிறது. அந்த மூச்சு "நாலு கட்டுமரம்" என்பதற்கு உரியது. அதோடுதான் இருக்க வேண்டும். மூச்சை அழுக்கு என்று நினைத்து வெட்டுபவர்கள் உண்டு. வெட்டிய பேச்சைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். இன்னொரு பக்கம், வெட்டின இடத்தில் இரண்டு மூச்சு அடுத்தடுத்து வந்துவிடாமல் பார்க்க வேண்டும். பேச்சின் நடுவே விடாமல் இரண்டு முறை உள்ளிழுப்பவர் அரிது. காது உடனே பிடித்துவிடும்.

உங்கள் பதிவில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது, ஒருவேளை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். படிப்பகத்து மின்விசிறி "டக், டக்" என்று அடிக்கிறது, ஏறத்தாழ 0.4 நொடிக்கு ஒரு முறை. அந்தத் தட்டல் சீராக வருவதால் நடுவில் வெட்டினால் ஒரு தட்டல் முந்தியோ பிந்தியோ விழும். கேட்பவருக்கு என்ன ஆனது என்று தெரியாது, ஏதோ ஆனது என்று தெரியும். இதற்கு வழி, வெட்டும் நீளத்தை 0.4இன் மடங்காக வைப்பது. 3.4 நொடித் தடுமாற்றத்தில் அரை நொடி விட வேண்டுமென்றால் 2.9 வெட்ட வேண்டும், நீங்கள் 2.8 வெட்டுங்கள், ஏழு தட்டல். 0.6 நொடி மிஞ்சும், தட்டலும் பிசகாது. Compress ஓட்டிய பகுதிகளில் இதைப் பார்க்க முடியாது என்பது உண்மை. அங்கே காதுக்கு உறுத்துகிற இடங்களை மட்டும் கையால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணனுக்கு முந்திய 3.4 நொடியைக் கொஞ்சமாவது குறைக்கலாமா என்று தோன்றும். தோன்றினாலும் முடியாது. அந்த மௌனத்தின் நடுவில் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி ஹார்ன் அடிக்கத் தொடங்கி "அந்த" என்ற சொல்லின் அடியில் முடிகிறது. நீண்டு ஒலிக்கும் ஹார்னின் நடுவே வெட்டினால் அது குதிப்பது அப்பட்டமாகத் தெரியும். வட சென்னையில் பதிவு செய்கிறவர்களுக்கு இது தினப்படி விஷயம். லாரி இல்லையென்றால் சரக்கு ரயில், அதுவும் இல்லையென்றால் படகு இன்ஜின். வெட்டும் முன் பின்னணியில் என்ன தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டுவிடுங்கள். இங்கே லாரிக்காரர் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார்.

வெட்டின முனைகளில் "டிக்" என்று வந்தால், அலை பூச்சியத்தைக் கடக்காத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். பகுதியைத் தேர்ந்தெடுத்தவுடன் Z விசையை அழுத்தினால் இரு முனைகளும் அருகிலுள்ள பூச்சியப் புள்ளிக்கு நகரும்; அதன் பிறகு அழியுங்கள். விசிறி இரைச்சல் போன்ற பின்னணியில், இரு பக்கத்தையும் 20 மில்லிநொடி அளவுக்கு ஒன்றன் மேல் ஒன்று கரையவிட்டால் ஒட்டுத் தெரியாது. இருமல் போன்றவற்றை மறைக்க வேண்டுமானால் அதே நிமிடத்திலிருந்து எடுத்த பேச்சில்லாத விசிறி ஒலியை அங்கே ஒட்டுங்கள். முழு மௌனத்தை வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் விசிறி ஒரு நொடி நின்று மறுபடி ஓடினால் எப்படி இருக்கும்!

"வந்து" என்ற சொல்லைத் தேடித் தேடி அழிக்கலாம் என்று நினைத்தால் கவனம். உங்கள் துண்டிலேயே இரண்டு வகையும் இருக்கிறது. "நான் வந்து அப்போது சின்னப் பையன்" என்பதில் அது வெறும் நிரப்பி. "காற்று வந்து பாயைக் கிழித்தது" என்பதில் அது வினை. வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் அதை எடுத்துவிட்டால் வாக்கியம் நிற்கும். ஆகவே பொருளை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒலியை வைத்துத்தான். நிரப்பியாக வரும் "வந்து" தாழ்ந்து, வேகமாக, முன்னோ பின்னோ ஓர் இடைவெளியோடு வரும். வினையாக வருவது அடுத்த சொல்லோடு கோத்து வரும். "இந்த", "அதாவது" ஆகியவற்றுக்கும் இதே கணக்கு.

முன் சொல்லோடு ஒட்டிக்கொண்ட நிரப்பிகளை விட்டுவிடுங்கள். "கடலுக்குள்ளே" என்பதன் கடைசி ஏகாரம் அப்படியே "ஏஏ" என்று நீண்டு அடுத்த யோசனைக்குள் போகிறது; வெட்ட ஒரு விளிம்பே இல்லை. ரொம்ப நீளம் என்றால் உயிரொலியின் நடுவிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவர் குரலில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 மில்லிநொடி. முழு எண்ணிக்கையில், பத்தோ பதினைந்தோ வடிவங்களை எடுங்கள். பாதி வடிவத்தில் வெட்டினால் குரல் உடைந்தது போலக் கேட்கும். கடைசிப் பகுதியைத் தொடாதீர்கள், குரல் தணிவது அங்கேதான். ஒரு பேச்சில் இப்படி நாலைந்து இடத்துக்கு மேல் நான் செய்வதில்லை, கண்ணுக்கு வலி.

எத்தனை நிரப்பிகளை எடுப்பது என்று கேட்டால், மூன்றில் இரண்டு என்பேன். மீதி இருக்கட்டும். எல்லாம் போன பிறகு பெரியவர் செய்தி வாசிப்பவர் போல ஆகிவிடுகிறார், காசிமேடு போய்விடுகிறது. குறிப்பாக, கேள்வி கேட்டவுடன் அவர் சொல்லும் முதல் "ம்…" இருக்க வேண்டும். அவர் கேள்வியைக் கேட்டுக்கொண்டார் என்பதன் அடையாளம் அது.

ஒலியைச் சமப்படுத்துவது, கூட்டுவது எல்லாம் வெட்டி முடித்த பிறகு. முதலிலேயே செய்தால் விசிறி இரைச்சலும் சேர்ந்து மேலே ஏறி, −42 என்ற கணக்கு பொருந்தாமல் போகும்.

முடித்ததும் உடனே சரிபார்க்காதீர்கள். வெட்டு எங்கே என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும், காது அங்கே போய்க் காத்திருக்கும். மறுநாள், திரையை அணைத்துவிட்டு, சாதாரண வேகத்தில் கேளுங்கள். உறுத்தும் இடத்தில் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்தாமல் போங்கள். பிறகு குறித்த இடங்களைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: மௌனம் மிகக் குறைந்துவிட்டது, அல்லது மூச்சு போய்விட்டது. முதலாவதற்கு, அசலிலிருந்து அந்த மௌனத்தின் ஒரு பகுதியைத் திரும்ப ஒட்டுங்கள்.

உங்கள் பதிவு 44, 45 நிமிடத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். 40க்குக் கீழே போனால் எங்கோ புள்ளி வைத்த இடத்தின் மேல் கருவியை ஓட்டியிருக்கலாம். முதலில் அந்த லாரி ஹார்ன் இருக்கிறதா என்று பாருங்கள்.